ஆயிரம் பேர் வந்தார்கள் என்றால் எந்த ஆயிரம்? ஈவென்ட் மேனேஜரின் பயோடேட்டாவும் அதன் கணக்குகளும்

ஈவென்ட் மேனேஜர் வேலைக்கு வரும் பயோடேட்டாக்களில் நான்கு வகை வரிகள் திரும்பத் திரும்ப வரும். 200-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தியவர், 5,000 பேர் திரண்ட விழாவை நிர்வகித்தவர், ஒரு கோடி ரூபாய் பட்ஜெட்டைக் கையாண்டவர், 15 வெண்டர்களை ஒருங்கிணைத்தவர். எழுதியவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வேலைக்கு ஆள் எடுப்பவரால் இந்த வரிகளிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. 5,000 பேரை யார் எண்ணினார்கள்? அந்தக் கோடியில் இவர் கையெழுத்துப் போட்டுச் செலவழித்தது எவ்வளவு? 200 நிகழ்ச்சிகளில் எத்தனைக்கு இவர் பொறுப்பாளர், எத்தனைக்கு உதவியாளர்?

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பெரிய நிகழ்ச்சி ஒன்றில் நிறுவனத்தின் ஊழியர்கள், அன்றைக்கு மட்டும் வந்த ஃப்ரீலான்சர்கள், தன்னார்வலர்கள் என்று பலர் வேலை செய்கிறார்கள். பிறகு அவர்கள் எல்லோருடைய பயோடேட்டாவிலும் அதே நிகழ்ச்சி இடம்பெறுகிறது. ஒரே விழாவை நடத்தியதாக இரண்டு மூன்று பேர் தன் மேசைக்கு வந்ததைப் பார்த்தவர், அடுத்து வருபவர் சொல்வதையும் பாதியாகக் குறைத்துத்தான் படிப்பார். எனவே எண் பெரியதா சிறியதா என்பது இங்கே இரண்டாம் பட்சம். எதை எண்ணியது, எப்படி எண்ணியது, அதில் தன் பங்கு எது என்ற மூன்றும் எண்ணோடு சேர்ந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரி நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் ஒரு மாநாட்டு அரங்கில், பம்பு மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இரண்டு நாள் கண்காட்சியும் டீலர்கள் கூட்டமும் நடத்துகிறது. 24 ஸ்டால்கள், ஒரு மேடை, இரண்டு நாளும் மதியச் சாப்பாடு. நுழைவுக்கு முன்பதிவு உண்டு, நேரில் வந்தும் பதியலாம். வாசலில் பேட்ஜில் உள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுகிறார்கள். இங்கே வரும் தொகைகளும் தலைக்கணக்கும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

முதலில் வருகை. முன்பதிவு செய்தவர்கள் 1,240 பேர். அவர்களில் வந்தவர்கள் 822. நேரில் வந்து பதிந்தவர்கள் 146. ஆக, உள்ளே வந்த ஆட்கள் 968. முதல் நாள் ஸ்கேன் கணக்கு 812, இரண்டாம் நாள் 655, இரண்டையும் கூட்டினால் 1,467. இப்போது இந்த ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று எண்கள் கிடைத்துவிட்டன. 1,240 என்று எழுதினால் வராதவர்களையும் சேர்த்துச் சொன்னதாகும். 1,467 என்று எழுதினால் இரண்டு நாளும் வந்த 499 பேரை இரண்டு முறை எண்ணியதாகும். ‘வந்தவர்கள்’ என்ற சொல்லுக்குப் பொருந்துவது 968 மட்டுமே. மற்ற இரண்டும் தவறான எண்கள் அல்ல, அவற்றுக்கு உரிய பெயர் வேறு. 1,240 முன்பதிவு, 1,467 இரண்டு நாள் வருகைகளின் கூட்டுத்தொகை.

கண்காட்சித் தொழிலில் இந்த வேறுபாடு புதிதல்ல. வருகையாளர் என்பது ஆள், வருகை என்பது அந்த ஆள் வந்த தடவை என்று பிரித்து எண்ணும் வழக்கம் உலகளவில் இருக்கிறது. கண்காட்சிகளுக்கான சொற்களையும் எண்ணும் முறைகளையும் வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 25639 என்ற தரநிலை 2008-இல் வந்தது. 1925-இல் மிலான் நகரில் தொடங்கப்பட்ட யு.எஃப்.ஐ. என்ற உலகக் கண்காட்சித் துறைச் சங்கம், தன் முத்திரையைத் தருவதற்கு முன் கண்காட்சியின் புள்ளிவிவரங்களை வெளித் தணிக்கையாளர் சரிபார்த்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு ஈவென்ட் மேனேஜருக்குத் தணிக்கை தேவைப்படாது. ஆனால் தன் எண் எந்த வகை என்று ஒரு சொல்லில் குறிப்பிட்டுவிட்டால், படிப்பவருக்கு இவர் தொழில் தெரிந்தவர் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

எண்ணுக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் சாட்சி இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. நம் ஊரில் அதற்கு மிக நல்ல சாட்சி சாப்பாட்டுத் தட்டு. கேட்டரிங்காரர் தட்டுக் கணக்கில்தான் பணம் வாங்குகிறார். கொடுப்பவரும் எண்ணித்தான் கொடுக்கிறார். மாதிரி நிகழ்ச்சியில் முதல் நாள் 860 தட்டுகள் போயிருக்கின்றன. ஸ்டாலுக்கு மூன்று பேர் வீதம் 72 பேர், வேலையாட்கள் 60 பேர் என்று 132-ஐக் கழித்தால் 728 வருகிறது. அன்று ஸ்கேன் ஆனவர்கள் 812. கொஞ்சம் பேர் சாப்பிடாமல் கிளம்பியிருப்பார்கள். இரண்டு கணக்கும் அச்சாகப் பொருந்தவில்லை, பொருந்தவும் செய்யாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் நாள் 2,500 பேர் வந்தார்கள் என்று யாராவது எழுதியிருந்தால், 860 தட்டுக்கான பில் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். நேர்காணலில் அனுபவசாலிகள் ‘எத்தனை தட்டு போட்டீர்கள், எத்தனை நாற்காலி போட்டீர்கள்?’ என்று கேட்பது இதனால்தான்.

டிக்கெட்டோ பேட்ஜோ இல்லாத திறந்தவெளி நிகழ்ச்சிகளில் கதை வேறு. இலவச இசை நிகழ்ச்சி, தெருவிழா, மைதானத்தில் நடக்கும் பரிசளிப்பு ஆகியவற்றுக்குத் துல்லியமான எண் கிடைக்காது, மதிப்பீடுதான் கிடைக்கும். அதற்கும் ஒழுங்கான முறை உண்டு. அமெரிக்காவின் பெர்க்லியில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், 1960-களில் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த மாணவர் கூட்டங்களின் படங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆட்களை எண்ணினார். அதிலிருந்து அவர் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி, தோளோடு தோள் முட்டும் கூட்டத்தில் 2.5 சதுர அடி. 20,000 சதுர அடி மைதானம் முழுக்க ஆட்கள் தாராளமாக நின்றால் 2,000 பேர். நெருங்கி நின்றால் ஏறத்தாழ 4,400 பேர். அந்த மைதானத்தில் ஒரே நேரத்தில் 10,000 பேர் நின்றார்கள் என்றால் ஆளுக்கு 2 சதுர அடிதான் கிடைத்திருக்கும். அப்படி ஒரு நெரிசல் நடந்திருந்தால் அது பெருமைக்குரிய சாதனை அல்ல, பாதுகாப்புத் தவறு. ஆகவே, ‘உச்ச நேரத்தில் சுமார் 3,500 பேர், மைதானப் பரப்பையும் மேலிருந்து எடுத்த படத்தையும் வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடு’ என்று எழுதுவதுதான் முறை. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே சொன்னால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

அடுத்தது பட்ஜெட். பயோடேட்டாவில் மிக அதிகமாக ஊதிப் பெருக்குவது இதைத்தான், அதுவும் பல நேரம் தெரியாமலே. மாதிரி நிகழ்ச்சியில் அரங்க வாடகையையும் டீலர்கள் தங்கிய ஹோட்டல் அறைகளின் கட்டணத்தையும் பம்பு நிறுவனமே நேரடியாகக் கட்டிவிட்டது. அது 16 லட்சம். ஈவென்ட் மேனேஜர் கொட்டேஷன் கொடுத்து, ஒப்புதல் வாங்கி, வெண்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் செலவழித்தது 29.4 லட்சம். மொத்த நிகழ்ச்சி 45.4 லட்சம். இதில் ஜி.எஸ்.டி. சேரவில்லை. 29.4 லட்சத்துக்கு 18 சதவீத வரியைச் சேர்த்தால் அதுவே 34.69 லட்சம் ஆகிவிடும். மூன்று தொகைகளில் எதை எழுதினாலும் அதற்கு ஏதோ ஒரு காகிதம் ஆதாரமாக இருக்கும். இருந்தாலும், தான் கையாண்ட தொகை என்று ஒருவர் சொல்லிக்கொள்ளக் கூடியது வரி நீங்கலான 29.4 லட்சமே. ‘நிகழ்ச்சியின் மொத்தச் செலவு 45 லட்சம், அதில் என் பொறுப்பில் 29.4 லட்சம், வரி நீங்கலாக’ என்று எழுதினால் இரண்டும் தெளிவாகிவிடும்.

தொகையை விட அதிகம் பேசுவது, ஒப்புதல் ஆன தொகைக்கும் செலவான தொகைக்கும் இடையே உள்ள வித்தியாசம். இங்கே ஒப்புதல் ஆனது 28 லட்சம். செலவு 29.4 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் 5 சதவீதம் கூடிவிட்டது. ஆனால் நிகழ்ச்சிக்கு ஆறு நாள் முன்பு வாடிக்கையாளர் இரண்டாவதாக ஒரு எல்.ஈ.டி. திரையும் கூடுதலாக இரண்டு ஸ்டால்களும் வேண்டும் என்று கேட்டார். அதற்கு 1.9 லட்சம் தனி மதிப்பீடு அனுப்பப்பட்டு, எழுத்தில் ஒப்புதல் வந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் முதலில் ஒத்துக்கொண்ட வேலை 27.5 லட்சத்தில் முடிந்திருக்கிறது, அதாவது 50,000 ரூபாய் மிச்சம். வெறுமனே ‘பட்ஜெட்டுக்குள் முடித்தேன்’ என்று எழுதுபவர் செலவுத் தாளைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வார். நடந்ததை நடந்தபடி இரண்டு வரியில் எழுதுபவரிடம், கூடுதல் வேலைக்கு வாய்மொழியாகத் தலையாட்டாமல் எழுத்தில் வாங்கிய பழக்கம் இருப்பது தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் நஷ்டம் வருவது பெரும்பாலும் கடைசி வாரத்து வாய்மொழிக் கோரிக்கைகளால்தான் என்பதால், ஆள் எடுப்பவர் தேடுவதும் அந்தப் பழக்கத்தையே.

மிச்சம் பிடித்தேன் என்று எழுதும்போதும் எதோடு ஒப்பிட்டு என்று சொல்ல வேண்டும். வெண்டர் முதலில் சொன்ன விலையோடு ஒப்பிட்டு 20 சதவீதம் குறைத்தேன் என்பதில் சரக்கு இல்லை, ஏனென்றால் பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தே அந்த முதல் விலை கூட்டிச் சொல்லப்படுகிறது. போன வருடத்து அதே நிகழ்ச்சியின் பில்லோடு, அல்லது ஒரே அளவு வேலைக்கு வாங்கிய மூன்று கொட்டேஷன்களின் நடு விலையோடு ஒப்பிட்டால் அது பேசும்.

வெண்டர் ஒருங்கிணைப்பைக் காட்டுவது இந்த நான்கிலும் கடினமானது. அது எண்ணில் அடங்காத வேலை. 15 வெண்டர்கள் என்றால் 15 பேரிடம் போன் நம்பர் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. காட்ட வேண்டியது, யாருக்குப் பின் யார் வேலை தொடங்க முடியும் என்பதை முன்கூட்டியே கணித்ததையும், கணக்கு தப்பியபோது செய்ததையும். இதற்கு இருக்கும் ஒரே நல்ல ஆவணம் ரன் ஷீட் எனப்படும் நேர அட்டவணை. அதிலும் திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நடந்த நேரமும் குறிக்கப்பட்ட பிரதி.

மாதிரி நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு 10 மணிக்கு அரங்கம் கையில் கிடைக்கிறது. காலை 9 மணிக்குக் கதவு திறக்க வேண்டும். முதலில் டிரஸ் என்கிற இரும்புச் சட்டத்தை நிறுத்த வேண்டும், விளக்குகளும் எல்.ஈ.டி. திரையும் அதில்தான் தொங்குகின்றன. திரை ஏறிய பிறகே மேடைக்குக் கம்பளம் விரிக்கலாம், முன்னால் விரித்தால் ஏணியும் பெட்டிகளும் இழுத்துக் கிழித்துவிடும். கம்பளத்துக்குப் பிறகு ஒலிச் சோதனை, அதன் பிறகு ஒத்திகை, பூ அலங்காரம் கடைசி. அன்றைய ரன் ஷீட்டில் எல்.ஈ.டி. திரை லாரி வர வேண்டிய நேரம் 11.30, வந்த நேரம் 1.45. இடைப்பட்ட நேரத்தில் ஸ்டால் வேலை முன்னுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது, ஒலிப்பெருக்கிகள் மேடைக்கு வெளிப்பக்கம் நிறுத்தப்பட்டிருக்கின்றன, ஒத்திகை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. கதவு திறந்தது 9.10-க்கு. பத்து நிமிடத் தாமதம் தாளில் அப்படியே இருக்கிறது. எல்லா வேலையும் குறித்த நேரத்தில் முடிந்ததாகக் காட்டும் தாளைப் பார்த்தால் அனுபவம் உள்ளவருக்கு அது நிகழ்ச்சி முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பியது என்று தெரியும். இரண்டேகால் மணி நேரத் தாமதம் எப்படிப் பத்து நிமிடமாகக் கரைந்தது என்பதைக் காட்டும் ஒரே ஒரு பக்கம், 15 வெண்டர்கள் என்ற வரியை விடப் பல மடங்கு சொல்கிறது.

வெண்டர்களை அமர்த்தியது யார் என்பதும் இங்கே முக்கியம். ஆர்டர் கொடுத்து, அட்வான்ஸ் கட்டி, பில் சரிபார்த்தவர் வேறு. வேறொருவர் அமர்த்திய வெண்டர்களை அன்றைக்குத் தளத்தில் வேலை வாங்கியவர் வேறு. இரண்டும் மதிப்புள்ள வேலைகள்தான், ஆனால் ஒன்றை மற்றொன்றாக எழுதக் கூடாது. அமர்த்தியவர் என்றால் பாக்கி தீர்த்த கணக்கும் அவர் பதிவில் இருக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு வெண்டருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளைத் தாண்டாமலும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். பந்தல்காரர், ஒலி, ஒளி போடுபவர், புகைப்படக்காரர் போன்ற பலர் இந்த வகையில் வரக்கூடியவர்களே. எல்லாப் பில்லும் 30 நாளில் தீர்ந்தது என்ற ஒரு வரியை எழுத முடிந்தால், அந்த வெண்டர்கள் அடுத்த முறையும் இவர் கூப்பிட்டால் வருவார்கள் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது.

நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைச் சொல்வது எளிது, பிரித்துச் சொன்னால் போதும். 200 என்பதில் 140 பிறந்தநாள் விழாக்களாகவும் 60 நிறுவன நிகழ்ச்சிகளாகவும் இருக்கலாம். அதில் முழுப் பொறுப்பு 35-க்கு மட்டும் இருக்கலாம். ரத்தானவற்றைக் கழித்துவிட வேண்டும். அதே வாடிக்கையாளர் மறுபடி கூப்பிட்டவை எத்தனை என்று சேர்த்தால் நல்லது, ஏனென்றால் அதை ஒரு போனில் சரிபார்த்துவிடலாம்.

இவற்றையெல்லாம் பயோடேட்டாவில் அடைக்க இடம் இருக்காது. வழக்கமான வழி இரண்டு அடுக்கு. பயோடேட்டாவில் நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வரி. கேட்டால் காட்ட, நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் வீதம் தனிக் கோப்பு. ‘பெரிய டீலர் மாநாட்டை வெற்றிகரமாக நடத்தினேன், 1,500 பேர் வருகை, 45 லட்சம் பட்ஜெட்’ என்ற வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘பம்பு மோட்டார் நிறுவனத்தின் இரண்டு நாள் கண்காட்சி, சென்னை. திட்டப் பொறுப்பாளர், குழுவில் 4 பேர். வந்தவர்கள் 968, பேட்ஜ் ஸ்கேன் கணக்கு. என் பொறுப்பில் 29.4 லட்சம், வரி நீங்கலாக; வாடிக்கையாளர் கூட்டிய 1.9 லட்சம் போக, ஒப்புதல் தொகையை விட 50,000 குறைவு. 11 வெண்டர்கள், எல்லோரையும் அமர்த்தியது நான்.’ முதல் வரியில் உள்ள எண்கள் பெரியவை. ஆனால் அந்த வரி நேர்காணலில் இரண்டு கேள்விகளைத் தாங்காது. இரண்டாவது, எத்தனை கேள்வி கேட்டாலும் நிற்கும்.

கோப்பில் ஆவணங்களை வைக்கும்போது கவனிக்க வேண்டிய எல்லைகளும் இருக்கின்றன. வந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள பட்டியலை அப்படியே யாருக்கும் காட்டக் கூடாது. அது அவர்களுடைய தனிப்பட்ட விவரம், அதைப் பாதுகாக்க 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஸ்கேன் கருவியின் மொத்தக் கணக்குப் பக்கம் போதும். வெண்டர்களின் விலைப்பட்டியலும் அடுத்த நிறுவனத்துக்குக் காட்டும் பொருள் அல்ல. வாடிக்கையாளரோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் பெயரை விட்டுவிட்டு, ‘தனியார் வங்கி ஒன்று’ என்று துறையை மட்டும் சொல்லி, தொகையையும் ‘25 முதல் 30 லட்சம்’ என்று வரம்பாகத் தரலாம். முந்தைய நிறுவனத்தின் கணக்குத் தாள்களைப் பேச்சுவார்த்தையில் அள்ளி விரிப்பவரைப் பார்த்தால், நாளை நம் தாள்களும் இப்படித்தான் போகும் என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். சரிபார்க்க விரும்புபவருக்கு வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர், வெண்டர் தரப்பில் ஒருவர் என்று இரண்டு பேரின் தொடர்பை, அவர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு, தருவதே இந்த வேலைக்குப் பொருத்தமான சான்று.

ஆதாரங்களைச் சேர்க்க ஏற்ற நேரம் நிகழ்ச்சி முடிந்த முதல் வாரம். ஸ்கேன் கணக்கு வாடகைக் கருவியில் இருக்கும், திருப்பிக் கொடுத்த பின் அழிந்துவிடும். தட்டுக் கணக்கு கேட்டரிங்காரரின் சிட்டையில் இருக்கும். ரன் ஷீட்டில் பேனாவால் எழுதிய நேரங்கள் தளத்தில் இருந்தவரின் பையில் இருக்கும். வேலையை விட்டு வந்த பிறகு பழைய நிறுவனத்தின் கோப்புகளுக்கு வழி கிடையாது, எடுத்து வருவதும் சரியல்ல. ஆனால் தன் பங்கையும் மொத்த எண்களையும் குறிப்பிட்டு மேலாளரிடம் ஒரு அனுபவக் கடிதம் வாங்கிக்கொள்வதை யாரும் மறுப்பதில்லை. அப்படி எதுவுமே கையில் இல்லாத பழைய நிகழ்ச்சிகளை எண் இல்லாமல், வகை, ஆண்டு, தன் பொறுப்பு ஆகிய மூன்றை மட்டும் சொல்லி எழுதிவிடலாம்.